சுண்ணாம்புக் காரை வேலைக்கு டெண்டர் எழுதுவது எப்படி: சரிபார்ப்புப் பட்டியலும் தொழில்நுட்பப் பகுதியும்

காரைக்குடிப் பக்கத்து ஒப்பந்ததாரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. டெண்டர் ஆவணம் கைக்கு வந்ததும் முதலில் எஸ்டிமேட் தொகையைப் பார்ப்பார்கள், அடுத்தது கடைசித் தேதியை. நடுவில் உள்ள தொண்ணூறு பக்கமும் கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி வரை புரட்டாமலே கிடக்கும். அந்த ராத்திரியில்தான் டெண்டர் கோப்பு கட்டிக்கொடுக்கும் எனக்கு போன் வரும். "தம்பி, நாளைக்கு மூணு மணிக்கு முடியுதாம், கொஞ்சம் ஏத்திக் குடுத்துரு."

டெண்டர் தளத்தில் ஏற்றிக் கொடுத்துவிடலாம். ஆனால் எதை ஏற்றுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது. பலர் விலையில் தோற்பதில்லை. விலைக் கவர் திறப்பதற்கு முன்பே, முதல் கவரில் ஒரு தாள் குறைந்து போய் வெளியேறிவிடுகிறார்கள்.

ஒரே ஒரு வேலையை வைத்து முழுவதையும் சொல்லிவிடுகிறேன். பல டெண்டர்களில் பார்த்ததைச் சேர்த்து நானே அமைத்துக்கொண்ட உதாரணம் இது. தொகைகளும் அளவுகளும் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை.

## எடுத்துக்கொண்ட வேலை

செட்டிநாட்டு ஊர் ஒன்றில் உள்ளாட்சிக்குச் சொந்தமான பழைய கட்டடம். ஒரு காலத்தில் ஊருக்கு எழுதி வைக்கப்பட்ட வீடு, இப்போது நூலகம். செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, மரக்கட்டைகளின் மேல் செங்கலைக் குத்துவாட்டில் அடுக்கிப் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. இருபது வருடத்துக்கு முன் யாரோ சுவரின் அடிப்பகுதியில் சிமெண்ட் பூசிவிட்டார்கள். இப்போது அந்த இடமெல்லாம் பொருமி, உப்புப் பூத்து நிற்கிறது.

வேலை: சிமெண்ட் பூச்சை எடுத்துவிட்டு 620 சதுர மீட்டருக்கு 20 மில்லிமீட்டர் கனத்தில் சுண்ணாம்புப் பூச்சு, கூரைப் பழுது, கதவு ஜன்னல் சீரமைப்பு. எஸ்டிமேட் 48 லட்சம் ரூபாய். முன்வைப்புத் தொகை 1 சதவீதம், அதாவது 48,000 ரூபாய். கால அளவு 150 நாள். இரண்டு கவர் முறை. முதல் கவரில் தகுதி ஆவணங்களும் தொழில்நுட்பப் பகுதியும், இரண்டாவதில் விலை. முதல் கவரில் தேறியவர்களுக்கு மட்டுமே இரண்டாவது கவர் திறக்கப்படும், அவர்களில் குறைந்த விலை போட்டவருக்கே வேலை.

தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் அடிப்படை 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும், அதன் கீழ் 2000இல் வந்த விதிகளும். அதிகாரி தன் விருப்பத்துக்குத் தேர்வு செய்ய முடியாது. ஆவணத்தில் எழுதியுள்ள அளவுகோலை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். இது நமக்குக் கவசம், அதேசமயம் கத்தியும்கூட. "இவர் நல்லா வேலை செய்வார்னு ஊருக்கே தெரியும்" என்பது அந்த மேஜையில் செல்லாது. தாளில் இருப்பது மட்டும்தான் கணக்கு.

## முதல் படி: எழுதுவதற்கு முன் பட்டியல்

சரிபார்ப்புப் பட்டியலைக் கடைசியில் போடும் வேலையாகப் பலர் நினைக்கிறார்கள். எல்லாத் தாளையும் சேர்த்துக் கட்டிய பிறகு, இருக்கிறதா இல்லையா என்று டிக் அடிப்பதற்காக. நான் அதை முதல் நாளே போடுகிறேன். எதை எழுத வேண்டும், யாரிடம் என்ன வாங்க வேண்டும், எந்தத் தாள் வர எத்தனை நாளாகும் என்று சொல்வதே அந்தப் பட்டியல்தான்.

ஆவணத்தை அச்செடுத்து, கையில் பென்சிலோடு ஒருமுறை முழுக்கப் படியுங்கள். "வேண்டும்", "கட்டாயம்", "தவறினால் நிராகரிக்கப்படும்" என்ற பொருளில் வரும் ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் கோடு. ஆங்கில ஆவணமாக இருந்தால் "ஷல்", "மஸ்ட்" வரும் இடமெல்லாம். தகுதி நிபந்தனை என்று தலைப்புப் போட்ட பகுதியில் மட்டும் இவை இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அரசு ஆவணங்கள் ஒட்டுப்போட்டுத் தைத்த சட்டை மாதிரி, பழைய டெண்டரிலிருந்து எடுத்த பக்கங்களும் புதிதாகச் சேர்த்த பக்கங்களும் கலந்திருக்கும். இந்த உதாரணத்தில் கொத்தனார் அனுபவம் பற்றிய நிபந்தனை எஸ்டிமேட்டின் விவரக்குறிப்புக்குள், 71ஆம் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. தகுதிப் பகுதியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கோடு போட்ட ஒவ்வொரு வாக்கியமும் பட்டியலில் ஒரு வரிசை. ஒரே வாக்கியத்தில் மூன்று விஷயம் கேட்டிருந்தால் மூன்று வரிசை. இதைச் சோம்பலில் விட்டால் பட்டியலே வீண். "கடந்த 3 நிதியாண்டுக்கான வரவுசெலவுச் சான்று, பட்டயக் கணக்காளர் கையொப்பத்துடன், யூ.டி.ஐ.என். எண்ணுடன்" என்று இருந்தால், சான்று ஒன்று, மூன்று ஆண்டும் அடங்கியிருப்பது இன்னொன்று, எண் இருப்பது மற்றொன்று. 2019 பிப்ரவரியிலிருந்து கணக்காளர் தரும் சான்றுகளுக்கு அந்த 18 இலக்க எண் கட்டாயம். அதை இணையத்தில் யாரும் சரிபார்க்கலாம். எண் இல்லாத சான்று வெற்றுத் தாளுக்குச் சமம்.

பட்டியல் இப்படி இருக்கும்:

| ஆவணப் பக்கம் | கேட்பது | நம் ஆதாரம் | நம் பக்கம் | பொறுப்பு, நாள் |
|---|---|---|---|---|
| 6 | முன்வைப்புத் தொகை ரூ. 48,000 | இணையவழிச் செலுத்திய ரசீது | 3 | அலுவலகம், 4ஆம் நாள் |
| 11 | உரிய வகுப்பில் நடப்பிலுள்ள ஒப்பந்ததாரர் பதிவு | பதிவுச் சான்று, புதுப்பித்த பக்கத்துடன் | 5–6 | ஒப்பந்ததாரர், 2ஆம் நாள் |
| 12 | 5 ஆண்டுக்குள் முடித்த ஒரே ஒப்பந்தம், ரூ. 20 லட்சத்துக்குக் குறையாத பழைய கட்டடப் புனரமைப்பு | செயற்பொறியாளர் அனுபவச் சான்று | 9 | ஒப்பந்ததாரர், 7ஆம் நாள் |
| 12 | அதில் வேலை முடிந்த தேதி | அதே சான்று, 4ஆம் வரி | 9 | நான், சான்று வந்த அன்றே |
| 13 | 3 ஆண்டு வரவுசெலவுச் சான்று | கணக்காளர் சான்று | 12 | கணக்காளர், 5ஆம் நாள் |
| 71 | சுண்ணாம்பு வேலையில் 5 ஆண்டு அனுபவமுள்ள தலைமைக் கொத்தனார் | அனுபவக் கடிதம், வேலை விவரம் | 31–32 | நான், 6ஆம் நாள் |

இதில் உயிர் நான்காவது பத்தியில் இருக்கிறது, "நம் பக்கம்". கட்டி முடித்த கோப்பில் எந்தப் பக்கத்தில் ஆதாரம் இருக்கிறது என்ற எண் அது. முதல் கவரைத் திறக்கும் உதவிப் பொறியாளர் மேஜையில் ஒன்பது கோப்பு இருக்கும். அவரிடமும் ஒரு பட்டியல் இருக்கும், அவரும் டிக் அடிக்கத்தான் போகிறார். தேடாமல் டிக் அடிக்கிற மாதிரி கொடுத்தால் நம் தாள் தவறிப்போக வழியில்லை. ஆதாரம் உள்ளே இருந்தும் கண்ணில் படாமல் "இணைக்கப்படவில்லை" என்று எழுதப்பட்ட கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

"நம் ஆதாரம்" பத்தியில் "ஏற்கிறோம்", "பூர்த்தி செய்கிறோம்" என்று மட்டும் எழுதாதீர்கள். அது வாக்குறுதி, ஆதாரம் அல்ல. தாளின் பெயர் வர வேண்டும்.

நான்காவது வரிசையைத் தனியாகப் போட்டதற்குக் காரணம் சொந்தக் காயம். சில வருடத்துக்கு முன் ஒரு அண்ணனுக்கு நான் கட்டிக்கொடுத்த கோப்பில் அனுபவச் சான்று இருந்தது, தொகை இருந்தது, கையெழுத்தும் சீலும் இருந்தன. வேலை தொடங்கிய தேதி மட்டும் இருந்தது, முடிந்த தேதி இல்லை. ஐந்து ஆண்டுக்குள் முடித்ததா என்று அந்தத் தாளிலிருந்து தெரியவில்லை. கோப்பு வெளியே போனது. அவர் விலைதான் குறைந்த விலையாக இருந்திருக்கும் என்று பிறகு தெரிந்தது. அண்ணன் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

## இரண்டாம் படி: சந்தேகத்தை எழுதிக் கேட்பது

பட்டியல் போட்டதும் ஓட்டைகள் தெரியும். நம் உதாரணத்தில் பெரிய ஓட்டை மூன்றாவது வரிசை. ஒப்பந்ததாரர் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டை 26 லட்சத்துக்குப் புதுப்பித்திருக்கிறார். வேலை கச்சிதம். ஆனால் அது தனியார் வேலை. ஆவணத்தில் "செயற்பொறியாளர் தரத்துக்குக் குறையாத அதிகாரியின் சான்று" என்று இருக்கிறது. வீட்டுக்கார ஆச்சி செயற்பொறியாளர் இல்லை.

இங்கே இரண்டு தப்பு நடக்கும். "பாத்துக்கலாம்" என்று ஆச்சியின் கடிதத்தையே இணைத்துவிட்டு வேண்டிக்கொள்வது ஒன்று. அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டு, "வைங்க சார், பார்ப்போம்" என்று யாரோ சொன்னதை நம்புவது இன்னொன்று. தொலைபேசியில் சொன்னது டெண்டர் ஆவணத்தை மாற்றாது.

ஏலத்துக்கு முந்தைய கூட்டமோ, சந்தேகம் கேட்கும் கடைசித் தேதியோ இருந்தால் அதற்குள் எழுத்தில் கேளுங்கள். பக்கம், நிபந்தனை எண், ஆமா இல்லையா என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. "பக்கம் 12, நிபந்தனை 4(இ): தனியார் கட்டட உரிமையாளரின் சான்று, ஒப்பந்த நகலும் வருமான வரி பிடித்தம் செய்த ஆதாரமும் இணைக்கப்பட்டால் ஏற்கப்படுமா?" அவ்வளவுதான். வரிப் பிடித்த ஆதாரம் எதற்கென்றால், அது வங்கியும் வரித்துறையும் வழியாக வந்த தொகை, சும்மா எழுதிக்கொண்ட கடிதம் இல்லை என்று காட்டும். பல டெண்டர்களில் தனியார் வேலைக்கு இதைத்தான் கேட்கிறார்கள்.

பதில் திருத்த அறிவிப்பாக tntenders.gov.in தளத்தில் வர வேண்டும். வந்தால் அதையும் அச்செடுத்துப் பட்டியலில் புது வரிசையாகச் சேருங்கள். திருத்த அறிவிப்பு தேதியை மட்டுமல்ல, சிலசமயம் விலைப் பட்டியலையே மாற்றிவிடும். ஆகவே கடைசி நாள் காலையில் இன்னொருமுறை பார்க்காமல் சமர்ப்பிக்கக் கூடாது. பதில் "ஏற்கப்படாது" என்று வந்தால் இந்த டெண்டரை விட்டுவிடுங்கள். பத்து நாள் உழைப்பு மிச்சம்.

## மூன்றாம் படி: தொழில்நுட்பப் பகுதி

இந்த டெண்டரில் தொழில்நுட்பப் பகுதிக்கு மதிப்பெண் கிடையாது. வேலை செய்யும் முறை, கால அட்டவணை, ஆட்கள், தரப் பரிசோதனை என்று நான்கு தலைப்பில் கேட்டிருக்கிறார்கள். தேறினால் போதும். அப்படியானால் எதற்கு மெனக்கெட வேண்டும் என்று ஒப்பந்ததாரர் கேட்பார். காரணம், இதில் எழுதுவது பின்னால் ஒப்பந்தத்தின் பாகமாகிவிடுகிறது. நாளைக்கு வேலையிடத்தில் பொறியாளர், "நீங்கதானே எழுதினீங்க" என்று இந்தப் பக்கத்தைத்தான் நீட்டுவார். பெருமைக்கு எழுதினால் அதை நம் செலவில் செய்தாக வேண்டும். மழுப்பி எழுதினால் தேறாது, தேறினாலும் சண்டை வரும்.

பக்கம் பக்கமாக நிறுவன வரலாறு வேண்டாம். "எங்கள் நிறுவனம் தரத்தில் சமரசம் செய்யாது" என்ற வரியை எத்தனை கோப்பில் எத்தனை முறை படித்திருப்பார் அந்த அதிகாரி! கேட்ட தலைப்பை, அவர்கள் வைத்த அதே வரிசையில், அதே எண்ணில் வையுங்கள். உங்களுக்கு வேறு வரிசை நன்றாகத் தோன்றினாலும்.

கட்டடத்தைப் பார்த்ததற்கு அடையாளம். முதல் பத்தி கட்டடத்தின் நிலையாக இருக்கட்டும். நேரில் போய் ஒரு சின்னச் சுத்தியலின் பிடியால் சுவரைத் தட்டிப் பாருங்கள். பூச்சு சுவரை விட்டுப் பிரிந்த இடத்தில் பொள்ளலான சத்தம் வரும். அதைச் சுவர்வாரியாகக் குறியுங்கள். "வடக்குச் சுவரில் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரம் வரை சிமெண்ட் பூச்சு பிரிந்துள்ளது, அதற்கு மேல் உப்புப் படிவு" என்று எழுதினால் ஒரே வாக்கியத்தில் இரண்டு விஷயம் புரியும். நீங்கள் போய்ப் பார்த்திருக்கிறீர்கள், காரணமும் தெரிந்திருக்கிறது. நிலத்து ஈரம் செங்கல் வழியாக ஏறும், சுண்ணாம்பு அதை மூச்சாக வெளியே விட்டுவிடும், சிமெண்ட் அடைத்துக்கொள்ளும். ஈரம் சிமெண்டுக்கு மேலே ஏறி அங்கே உப்பை விட்டுக் காயும். ஆகவே சிமெண்டை எடுக்காமல் மேலே பூசுவது வீண் செலவு. இந்தக் காரணத்தை மூன்று வரியில் சொல்லிவிட்டால் மற்ற முறையெல்லாம் அதிலிருந்து தானாக வந்துவிடும்.

வேலை முறை. விவரக்குறிப்பில் 20 மில்லிமீட்டர், இரண்டு பூச்சு, சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று என்று இருக்கிறது. கட்டடச் சுண்ணாம்புக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 712, சுண்ணாம்புப் பூச்சு வேலை முறைக்கு ஐ.எஸ். 2394. ஆவணம் எந்த எண்ணைக் காட்டுகிறதோ அதையே எழுதுங்கள். கேட்காத பத்து எண்ணைச் சேர்த்தால் அந்தப் பத்துக்கும் நீங்கள் கட்டுப்பட்டவர் ஆகிவிடுவீர்கள்.

எங்களிடம் சுண்ணாம்பு வேலைக்கு வரும் ஒரு பெரிய கொத்தனாரிடம் ஒருமுறை நீற்றும் நாளைப் பற்றிக் கேட்டேன். "தம்பி, சுண்ணாம்ப நல்லா ஊறவிடாம பூசுனா சுவர்ல போய்ப் பொரியும். பூசுனவன் போயிருவான், பொரி நின்னுரும்" என்றார். நீறாத துகள் பூச்சுக்குள் இருந்துகொண்டு, பிறகு ஈரம் பட்டு உப்பி, சின்னச் சின்னக் குழியாகத் தெறிப்பதைத்தான் அப்படிச் சொன்னார். இதை டெண்டர் மொழியில் எழுதினால்: "சுண்ணாம்புக் கல் வேலையிடத்திலேயே தொட்டியில் நீற்றப்படும். வலையில் வடிகட்டி, தண்ணீர் மேலே நிற்கும்படி குறைந்தது 21 நாள் ஊறவைத்த பிறகே கலவைக்கு எடுக்கப்படும். ஒவ்வொரு தொட்டியிலும் நீற்றிய தேதி பலகையில் எழுதப்படும்." பலகையில் தேதி என்பது சின்ன விஷயம்தான். ஆனால் பொறியாளர் வந்து கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியது. தொழில்நுட்பப் பகுதியில் நல்ல வாக்கியம் என்றால் இதுதான்: யார் வந்து பார்த்தாலும் நடந்ததா இல்லையா என்று தெரிய வேண்டும்.

கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு மெருகு எல்லாம் செட்டிநாட்டு வீடுகளின் பெருமை. அதற்காக எல்லாவற்றையும் எழுதிவிடாதீர்கள். விவரக்குறிப்பில் கடுக்காயும் கருப்பட்டியும் கேட்டிருந்தால் மட்டும் எழுதுங்கள். வெள்ளைக்கரு மெருகு கேட்கவில்லை, விலைப் பட்டியலில் அதற்கு வரிசையும் இல்லை. எழுதினால் 620 சதுர மீட்டருக்கும் உங்கள் காசில் செய்ய வேண்டியதுதான்.

அளவு. பெரும்பாலானோர் விட்டுவிடும் இடம் இது. 620 சதுர மீட்டரை 0.02 மீட்டரால் பெருக்கினால் 12.4 கன மீட்டர் கலவை. பழைய சுவரின் மேடு பள்ளத்துக்கும் சிந்துவதற்கும் 20 சதவீதம் சேர்த்தால் கிட்டத்தட்ட 15 கன மீட்டர். சுண்ணாம்புக் குழம்பு மணலின் இடைவெளிகளுக்குள் போய் அடைந்துகொள்ளும், அதனால் மொத்தக் கலவை ஏறக்குறைய மணலின் அளவே இருக்கும். ஆக மணல் 15, குழம்பு 5 கன மீட்டர். இதற்கு 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் இரண்டு தொட்டி போட்டால் 6 கன மீட்டர் பிடிக்கும். தொட்டி எங்கே, தண்ணீர் எங்கிருந்து என்று ஒரு கைவரைபடத்தில் காட்டிவிடுங்கள். இந்தக் கணக்கு உங்களுக்கே முதலில் பயன்படும், ஏனென்றால் தொட்டிக்கும் காவலுக்கும் தண்ணீருக்கும் ஆகும் செலவை அப்போதுதான் விலையில் சேர்ப்பீர்கள்.

மாதிரிப் பூச்சு. பொறியாளர் காட்டும் இடத்தில் 1 மீட்டருக்கு 1 மீட்டர் மாதிரி பூசி, அவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே மீதி வேலை என்று எழுதுங்கள். கூடவே, "மாதிரி காட்டிய நாளிலிருந்து 7 நாளுக்குள் ஒப்புதல் கிடைக்கும் என்ற கணக்கில் அட்டவணை போடப்பட்டுள்ளது" என்ற வரியும் வேண்டும். இது நிபந்தனை போடுவதல்ல, அட்டவணையின் அனுமானத்தைச் சொல்வது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். "7 நாளுக்குள் ஒப்புதல் தராவிட்டால் கூடுதல் தொகை" என்று எழுதினால் நிபந்தனையுடன் கூடிய டெண்டர் என்று தள்ளிவிடுவார்கள்.

கால அட்டவணை. 150 நாள் என்பது 21 வாரம். தேதி போடாதீர்கள், இடம் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து வாரக் கணக்காகப் போடுங்கள். வேலை உத்தரவு எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது.

பின்னாலிருந்து கணக்குப் பார்க்கலாம். ஒரு கொத்தனாரும் சித்தாளும் ஒரு நாளைக்கு ஒரு பூச்சில் 8 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நான்கு கொத்தனாருக்கு 32. இரண்டு பூச்சுக்கு மொத்தம் 1,240 சதுர மீட்டர். வகுத்தால் 39 வேலை நாள், வாரம் ஆறு நாள் வேலைக்கு ஆறரை வாரம். முதல் பூச்சு இறுகும் இடைவெளியும் விடுப்பும் சேர்த்து 9 வாரம் வையுங்கள். பூச்சு 7ஆம் வாரம் தொடங்கி 15ஆம் வாரம் முடியும்.

சுண்ணாம்பு நீற்றுவது முதல் வாரமே தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் 21 நாள் என்று எழுதியது பொய்யாகும். அது ஊறுகிற நேரத்தில் சாரம் கட்டி, சிமெண்டை உரித்து, மூன்றாம் வாரத்திலிருந்து கூரையைப் பிடித்துவிடலாம். ஐந்தாம் வாரம் மாதிரிப் பூச்சு. கூரை 8ஆம் வாரம் முடியும், அதுவரை வெளிச்சுவர், பிறகுதான் உள்சுவர். ஒழுகும் கூரையின் கீழ் உள்சுவரைப் பூசிய அட்டவணை ஒன்றை நான் ஒரு கோப்பில் பார்த்தேன். எழுதியவர் கட்டடத்துக்குள் கால் வைத்ததில்லை என்று அந்த ஒரு கோடே சொல்லிவிட்டது.

16 முதல் 18 வரை வெள்ளையடிப்பும் கதவு ஜன்னலும். கடைசி மூன்று வாரம் சுத்தம், திருத்தம், கையிருப்பு. நம் பக்கம் மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான். சுண்ணாம்புப் பூச்சு மெதுவாகக் காற்றை வாங்கி இறுகுவது, பச்சையாக இருக்கும்போது மழை அடித்தால் கரையும், கடும் வெயிலில் உலர்ந்தால் வெடிக்கும். "வெளிச்சுவர் பூச்சின்மேல் ஈரச் சாக்கு கட்டி நிழலில் பதமாகக் காயவிடப்படும், மழை நாளில் தார்ப்பாய் கட்டப்படும்" என்று எழுதி, சாக்கையும் தார்ப்பாயையும் விலையில் மறக்காமல் சேருங்கள்.

ஆட்கள். தலைமைக் கொத்தனாரைப் பற்றி 71ஆம் பக்கம் கேட்டது நினைவிருக்கட்டும். பெயர், எந்தக் கட்டடம், எந்த ஆண்டு, என்ன வேலை, அங்கே சரிபார்க்க யார் என்று அரைப் பக்கம். அவரிடம் கேட்டு, அவர் கையெழுத்தோடு சம்மதம் வாங்குங்கள். நல்ல சுண்ணாம்புக் கொத்தனார்கள் கைவிரலுக்குள் அடங்குவார்கள், ஒரே ஆளின் பெயர் மூன்று கோப்பில் வந்து நிற்பதும் நடக்கிறது.

## நான்காம் படி: குறுக்குச் சோதனை

இப்போது எழுதியவர் இல்லாத வேறொருவர் கையில் பட்டியலையும் கோப்பையும் கொடுங்கள். என் அலுவலகத்தில் கணக்கு எழுதும் தங்கச்சி செய்வாள். கட்டட வேலை அவளுக்குத் தெரியாது, அதுவே நல்லது. 12ஆம் பக்கம் என்று போட்டிருந்தால் 12ஆம் பக்கத்தைத் திறப்பாள், கேட்டது கண்ணில் படாவிட்டால் சிவப்பு மை.

அவள் முதலில் தேடுவது ரூபாய்க் குறி. முதல் கவரில் நம் விலையின் வாசனைகூட வரக் கூடாது. இயந்திர வாடகை விலைப்புள்ளி, கொத்தனாருக்கு நாள் கூலி எழுதிய சம்மதக் கடிதம், விலை நிரப்பிய பட்டியலின் ஸ்கேன் என்று எதில் வேண்டுமானாலும் நுழைந்துவிடும். இரண்டு கவர் முறையில் விலை முதல் கவரில் தெரிந்தால் தள்ளுபடிதான். பழைய வேலையின் தொகை வரலாம், அது அவர்களே கேட்டது.

அடுத்தது முரண். வேலை முறையில் 21 நாள், அட்டவணையில் 14 நாள். ஆட்கள் பட்டியலில் மூன்று கொத்தனார், கணக்கில் நான்கு. பழைய கோப்பிலிருந்து நகலெடுத்த பத்தியில் வேறு ஊரின் பெயர். கடைசியாகச் சொன்னது சிரிப்பாக இருக்கும், ஆனால் மிகச் சாதாரணமாக நடப்பது.

## ஐந்தாம் படி: ஏற்றுவது

கையொப்பச் சான்று மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் சான்றாக, நடப்பில், தளத்தில் பதிவு செய்த அதே ஆளின் பெயரில் இருக்க வேண்டும். ஆவணங்களை 100 டி.பி.ஐ. அளவில் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்தால் கோப்பு சின்னதாகும், எழுத்தும் தெரியும். சீல் மங்கலாக இருக்கும் சான்றை மட்டும் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

விலைப் பட்டியல் எக்செல் கோப்பாக வரும், `BOQ_` என்று தொடங்கும் பெயரில். அந்தப் பெயரை மாற்றவே கூடாது. "final", "new" என்று நாமாக ஒட்டினால் தளம் ஏற்காது. திறந்துவிட்ட கட்டங்களில் மட்டும் நிரப்பி, நிறுவனத்தின் பெயரையும் போட்டு அப்படியே சேமியுங்கள். திருத்த அறிவிப்பில் புதுப் பட்டியல் வந்திருந்தால் பழையது செல்லாது.

எல்லாம் ஏற்றிய பிறகு `Freeze Bid Submission` பொத்தானை அழுத்த வேண்டும். இதை அழுத்தாமல் வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. கோப்புகள் ஏறியிருக்கும், டெண்டர் சமர்ப்பிக்கப்பட்டிருக்காது. அழுத்தியதும் நேரத்தோடு ஒப்புகை வரும், அச்செடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு தளத்தின் கடிகாரப்படி, உங்கள் கைக்கடிகாரப்படி அல்ல. நேரம் இருக்கும்வரை திருத்தி மறுபடி சமர்ப்பிக்கலாம். ஆனால் திரும்பப் பெற்றால் அதே டெண்டரில் மறுபடி நுழைய முடியாது. இரண்டும் வேறு வேறு பொத்தான், அவசரத்தில் மாறிவிடும். அதனால்தான் நான் முந்தின நாள் மாலைக்குள் முடித்துவிடுகிறேன், கடைசி நாள் காலை திருத்த அறிவிப்பைப் பார்ப்பதற்கு மட்டும்.

முதல் கவர் முடிவு வந்து நம்மைத் தள்ளியிருந்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, நம் பட்டியலின் பக்க எண்ணோடு ஒப்பிடுங்கள். ஆதாரம் 9ஆம் பக்கத்தில் இருந்தும் இல்லை என்று எழுதியிருந்தால், அன்றே பக்க எண்ணைக் காட்டிக் கடிதம் கொடுங்கள். டெண்டர் ஏற்பு ஆணையின் மேல் அரசுக்கு மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இடம் தருகிறது, ஆணை கிடைத்த 10 நாளுக்குள். அந்த மனுவுக்கும் இதே பட்டியல்தான் முதல் இணைப்பு.

வேலை கிடைத்துவிட்டால் தொழில்நுட்பப் பகுதியை மட்டும் தனியாக இரண்டு நகல் எடுத்து, ஒன்றை மேஸ்திரியிடம் கொடுத்துவிடுங்கள். முதல் வாரமே தொட்டி வெட்டியாக வேண்டும்.